“அப்புறம்?” – ஒரு தமிழ்ப்பள்ளியில் கைகழுவும் பாடம்

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் நாலாபக்கமும் பால்மரமாக இருந்தது, இப்போது எல்லாம் செம்பனை. லயத்து வீடுகள் போய் மலிவுவிலை வீடுகள் வந்துவிட்டன. பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் இன்னும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பள்ளி வேனில் வருகிறார்கள், மீதிப்பேர் அப்பாவின் மோட்டாருக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறார்கள். நான் அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆண்டு 1 வகுப்பில் அடுத்தடுத்து பிள்ளைகளுக்குக் கை, கால், வாய் நோய் வந்தபோது, அந்த வகுப்பு ஆசிரியை என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அக்கா, சபைகூடல்ல ஒரு பத்து நிமிஷம் பேசுங்களேன். நாங்க சொன்னா கேட்க மாட்டேங்கிறாங்க” என்றார்.

சரி என்று ஒப்புக்கொண்டேன். அந்தப் பத்து நிமிடம் வீணாகப் போனது. அது ஏன் வீணானது, அதன் பிறகு என்ன செய்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். பிள்ளைகளோடு இந்த வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு எனக்கு வாய்த்ததை விட நல்ல தொடக்கம் வாய்க்கட்டும்.

சபைகூடலில் நடந்தது

திங்கட்கிழமை காலை, திறந்தவெளி மண்டபம், நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். கிருமி எப்படிப் பரவும் என்று படம் காட்டினேன். பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் தூங்கிவிடுவார்கள் என்பதால் கேள்வி கேட்டுக்கொண்டே போனேன். “சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவணுமா?” “ஆமா!” “கழிவறைக்குப் போய்ட்டு வந்தா கழுவணுமா?” “ஆமா!” “சோப்பு போடணுமா?” “ஆமா!” மண்டபமே அதிர்ந்தது. தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே கைதட்டினார். நானும் மன நிறைவோடுதான் வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை ஓய்வு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போய், சிற்றுண்டிச்சாலை ஓரம் இருக்கும் குழாய்களுக்குப் பக்கத்தில் நின்றேன். பிள்ளைகளுக்கு நான் வருவது தெரியாது. ஆண்டு 1 பிள்ளைகள் 24 பேர், குழாய் மூன்று. ஓடி வந்தவர்களில் சிலர் குழாயைத் தாண்டி நேரே உணவு வரிசைக்குப் போனார்கள். நின்றவர்கள் விரல் நுனியை நீரில் காட்டிவிட்டு, காற்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினார்கள். மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன், மூன்று விநாடி, நான்கு விநாடி. ஒரு பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “டீச்சர்! கை கழுவணும்! ஆமா!” என்று கத்திவிட்டு நனையாத கையோடு போய் நாசி லெமாக் வாங்கினான்.

அவனைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் பாடத்தை மறக்கவில்லை, நான் கற்றுக்கொடுத்ததைத் தெளிவாகத் திருப்பிச் சொன்னான். நான் அவன் வாயில் வைத்த சொல் “ஆமா” ஒன்றுதான். உள்ளங்கை, புறங்கை, பெருவிரல் எல்லாம் என் வாயிலேயே இருந்துவிட்டன. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் “ஆமாம்” போட்டால் கதை முன்பாட்டுக்காரரிடமே இருக்கும். அங்கே அது பொருத்தம். இங்கே கதை பிள்ளையிடம் போய்ச் சேர வேண்டும்.

கூட்டமாகப் பதில் சொல்வதில் இன்னொரு குறையும் இருக்கிறது. நூறு பேர் கத்தும்போது நாற்பது பேர் வாயே திறக்காவிட்டாலும் தெரியாது. சத்தத்தை வைத்துப் பாடம் போய்ச் சேர்ந்தது என்று நினைத்தது என் தவறு. அப்புறம் ஒரு நடைமுறைச் சங்கதி: குழாயடியில் சோப்பே இல்லை. வைத்தால் காணாமல் போகிறது என்று அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

எந்த இடம் தப்புகிறது என்று பார்த்தோம்

திரும்பவும் பேசுவதற்கு முன், பிள்ளைகள் சோப்பு போட்டுக் கழுவினால் கையில் எந்த இடம் விடுபடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். பெரியவர்களின் கைகளில் இதைச் சாயம் வைத்து எப்போதோ பார்த்துவிட்டார்கள். 1978-இல் பிரிட்டனில் தாதியரை வைத்துச் செய்த சோதனையில் பெருவிரலும் விரல் நுனிகளும்தான் பெரும்பாலும் விடுபட்டன. சிறு பிள்ளைகளுக்குச் சாயம் வேண்டாம் என்று மஞ்சளை எடுத்துக்கொண்டேன்.

மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும். ஆலத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவந்துபோகிறதே, அதே சங்கதிதான். கட்டிச் சோப்பும் காரத்தன்மை உள்ளது. ஆகவே மஞ்சள் பூசிய கையில் சோப்பு பட்ட இடமெல்லாம் செம்பழுப்பாகும், படாத இடம் மஞ்சளாகவே நிற்கும். கால் டீஸ்பூன் மஞ்சள்தூளைக் கொஞ்சம் நீரில் குழைத்து, ஒரு பிள்ளையின் இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை மெல்லிசாகப் பூசிவிட்டு இரண்டு நிமிடம் உலரவிட்டேன். கையில் புண்ணோ சொறியோ இருந்த பிள்ளைகளுக்குப் பூசவில்லை. அப்புறம், “எப்பவும் கழுவற மாதிரி கழுவு” என்று சோப்பைக் கொடுத்தேன்.

செய்யப்போகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, கையை நீரில் அலசுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அலசியதும் காரம் போய்விடும், சிவப்பு திரும்ப மஞ்சளாகிவிடும், எது கழுவிய இடம் எது கழுவாத இடம் என்று சொல்ல முடியாது. நான் முதல் இரண்டு பிள்ளைகளை அப்படித்தான் கோட்டைவிட்டேன். இரண்டாவது, புட்டியில் வரும் திரவச் சோப்பில் பல வகைகளுக்குக் காரத்தன்மை இருக்காது, அதில் நிறம் மாறாது. கட்டிச் சோப்புதான் வேண்டும்.

பார்த்ததைச் சொல்கிறேன். உள்ளங்கை எல்லாப் பிள்ளைக்கும் சிவந்திருந்தது. புறங்கை பெரும்பாலும் மஞ்சள். பெருவிரல் தனியாக ஒரு மஞ்சள் கிழங்கு மாதிரி நின்றது. நகத்தின் ஓரமெல்லாம் மஞ்சள் கோடு. வலக்கையால் எழுதும் பிள்ளைகளுக்கு இடக்கையை விட வலக்கையின் முதுகுப் பக்கம்தான் மோசம். அது ஏன் என்று யோசித்தால் புரியும், தேய்க்கும் வேலையை வலக்கை செய்கிறது, தேய்ப்பு வாங்குவது இடக்கை. ஆனால் சோற்றை எடுத்து வாயில் வைக்கிற கை வலக்கை.

பிள்ளைகளே தங்கள் கையைப் பார்த்து அதிசயப்பட்டார்கள். ஒரு சிறுமி தன் பெருவிரலைத் தூக்கிக் காட்டி, “இதுக்கு யாருமே குளிப்பாட்டல” என்றாள். பிறகு நான் சொன்ன எந்த விளக்கமும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகவில்லை.

ஒரு தவறு செய்துவிட்டேன். சீருடை வெள்ளைச் சட்டை என்பதை நினைக்காமல் விட்டேன். ஆறேழு பேரின் கைமடிப்பில் மஞ்சள் தெறித்தது, வீட்டில் அம்மாமார் சலவைத்தூள் போட்டதும் அது இரத்தக்கறை போலச் சிவந்துவிட்டது. மறுநாள் காலை பள்ளி வாசலில் இரண்டு தாய்மார் பதறிப்போய் நின்றார்கள். நன்றாக அலசி வெயிலில் உலர்த்துங்கள், மஞ்சள் கறை வெயிலில் வெளுத்துவிடும் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அடுத்த முறை பிளாஸ்டிக் பையில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு ஏப்ரன் மாதிரி மாட்டிவிட்டோம். கையில் ஒட்டும் நிறம் ஓரிரு நாள் இருக்கும், ஆகவே அடுத்த சோதனைக்கு ஒரு வாரம் இடைவெளி விடுவது நல்லது. இன்னொன்று, மஞ்சள் காட்டுவது சோப்பு எங்கே பட்டது என்பதை மட்டும்தான், கிருமி போனதா என்பதை அது காட்டாது. பிள்ளைகளிடமும் அப்படியே சொன்னேன்.

பாட்டை மாற்றியது

இப்போது எனக்கு வேண்டியது இரண்டு. விடுபடும் இடங்களின் பெயர் பிள்ளையின் வாயில் இருக்க வேண்டும். அந்தச் சொல் வரும்போது கை அந்த இடத்துக்குத் தானாகப் போக வேண்டும். எங்கள் நாட்டுச் சுகாதார அமைச்சின் சுவரொட்டியில் இருப்பது ஏழு படி. ஏழு வயதுப் பிள்ளைக்கு நினைவில் நிற்கும்படி அதை ஆறு வரியாகச் சுருக்கினேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு இடம், ஒரு செயல், அவ்வளவுதான்.

உள்ளங்கை உரசு
புறங்கை தடவு
விரலெல்லாம் கோத்து
பெருவிரல் முறுக்கு
நகத்தால் கீறு
மணிக்கட்டில் காப்பு

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. பெருவிரலுக்கு முதலில் “பிடி” என்று வைத்திருந்தேன். பிள்ளைகள் சொன்னபடியே பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள், தேய்ப்பே இல்லை. அப்பாவின் மோட்டாரில் கைப்பிடியை எப்படித் திருகுவார் என்று கேட்டதும் எல்லோரும் சரியாகச் செய்தார்கள். அன்றிலிருந்து அது “முறுக்கு” ஆனது. மணிக்கட்டுக்கு “வளையல்” என்று வைத்தபோது பையன்கள் செய்ய மறுத்தார்கள். காப்பு என்றால் தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டும் அப்பா, மாமா நினைவுக்கு வருகிறார்கள், இரு பாலாருக்கும் பொருந்துகிறது. நகத்தால் உள்ளங்கையைக் கீறும் வரியைப் பூனை மாதிரி செய்து காட்டினேன். அதற்கு மட்டும் அலுப்பே வரவில்லை.

வலது இடது என்ற சொற்களை அடியோடு எடுத்துவிட்டேன். நான் பிள்ளைகளுக்கு எதிரில் நிற்கிறேன், என் வலது அவர்களுக்கு இடதாகத் தெரியும். பாதி வகுப்பு குழம்பிப்போய் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. அதனால் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்வது என்று வைத்தோம். முதல் தடவை ஒரு கை, இரண்டாவது தடவை மறு கை. எந்தக் கையில் தொடங்கினாலும் சரிதான், மாற்றினால் போதும்.

வகுப்பறையில் 20 நிமிடம், நீர் இல்லாமல், மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. முதலில் நான் வரியைச் சொல்வேன், செய்கையோடு. பிள்ளைகள் அதே வரியை அதே செய்கையோடு திருப்பிச் சொல்வார்கள். “உள்ளங்கை உரசு” என்பேன், “உள்ளங்கை உரசு” என்பார்கள். அழைப்பும் பதிலும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டரை விநாடி. ஆறு வரி, இரண்டு தடவை, ஆக மொத்தம் 30 விநாடி. சோப்போடு தேய்க்க 20 விநாடியாவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. நனைப்பது முதல் உலர்த்துவது வரை எல்லாம் சேர்த்து 40 முதல் 60 விநாடி என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே பாட்டு முடிந்தால் நேரமும் சரியாக இருக்கும், பிள்ளை எண்ணவேண்டிய தேவை இல்லை.

இப்படி மூன்று தடவை முடிந்ததும் நான் வரி சொல்வதை நிறுத்திவிட்டேன். “உள்ளங்கை உரசு” என்று தொடங்கி வைத்துவிட்டு, “அப்புறம்?” என்று மட்டும் கேட்டேன்.

பாட்டி கதை சொல்லும்போது பிள்ளைதானே “அப்புறம்? அப்புறம்?” என்று நச்சரிக்கும். இங்கே அதைத் தலைகீழாக்கினோம். பெரியவர் கேட்க, பிள்ளை கதையைச் சொல்ல வேண்டும். வகுப்பு ஒரு நொடி அமைதியானது. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “புறங்கை தடவு!” உடனே மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “அப்புறம்?” “விரலெல்லாம் கோத்து!” “அப்புறம்?” நாலாவது வரியில் தடுமாறினார்கள். ஆறில் எது விடுபடும் என்று மஞ்சள் சொன்னதோ அதுவேதான், பெருவிரல். நான் வாயைத் திறக்காமல் என் பெருவிரலை மட்டும் தூக்கிக் காட்டினேன், பிடித்துக்கொண்டார்கள்.

ஆக, பேச்சுக்கு மூன்று படி இருக்கிறது. சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல் முதல் படி. “அப்புறம்?” என்றால் அடுத்ததைச் சொல்லுதல் இரண்டாவது படி. யாரும் கேட்காமலே மனத்துக்குள் சொல்லுதல் மூன்றாவது படி. பல பேச்சாளர்கள் முதல் படியிலேயே நின்றுவிடுவார்கள், பிள்ளைகள் அழகாகத் திருப்பிச் சொல்வதால் வேலை முடிந்தது போலத் தோன்றும். திருப்பிச் சொல்வதற்கு நினைவு தேவையில்லை, காது போதும். எந்த இடத்தில் மறக்கிறார்கள் என்பது “அப்புறம்?” என்று கேட்கும்போதுதான் வெளியே வரும்.

குழாயடிக் கணக்கு

வகுப்பில் வெறும் கையை ஆட்டுவது வேறு, வழுக்கும் சோப்போடு, பசியோடு, பின்னால் இருப்பவன் தள்ளும்போது செய்வது வேறு. மறுநாள் குழாயடிக்குப் போனதும் பாட்டு சிதறிவிட்டது. முதல் மூன்று பிள்ளைகள் குழாயில் நின்று பாட, மீதி 21 பேர் கத்தினார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குழாய்க்கு எட்டுப் பிள்ளை. ஒவ்வொருவரும் குழாய்க்கு எதிரிலேயே 40 விநாடி நின்று கழுவினால் எட்டாவது பிள்ளை முடிக்கும்போது 5 நிமிடம் 20 விநாடி ஆகிவிடும். ஓய்வு 20 நிமிடம்தான். அதில் கால்பங்குக்கு மேல் கைகழுவவே போனால் எந்த ஆசிரியரும் இரண்டு நாளுக்கு மேல் தொடர மாட்டார், அவர்மேல் குற்றமும் இல்லை.

இங்கேதான் கூட்டுப்பாட்டு உண்மையிலேயே கைகொடுத்தது. தேய்ப்பதற்கு நீர் தேவையில்லை. குழாய் தேவைப்படுவது நனைக்கவும் அலசவும் மட்டும்தான். ஆகவே பிள்ளை குழாயில் கையை நனைத்து, தொங்கும் சோப்பை மூன்று முறை உருட்டிவிட்டு, வணக்கம் சொல்வதுபோல் இரு கையையும் கூப்பியபடி ஒதுங்கிப் பக்கத்துச் சுவரோரம் வரிசையில் நிற்கும். அதற்கு ஆளுக்கு ஆறு விநாடி, எட்டுப் பேருக்கு 48 விநாடி. எல்லோரும் வந்ததும் ஒரே நேரத்தில் பாட்டு, 30 விநாடி. பிறகு அதே வரிசையில் அலசல், ஆளுக்கு எட்டு விநாடி, 64 விநாடி. எல்லாம் சேர்த்து 142 விநாடி, இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. நீரும் மிச்சம். காலையில் தொட்டியில் நீர் குறைவாக இருக்கும் நாட்களில் இது பெரிய உதவி.

கை கூப்புவது ஒரு சின்னத் தந்திரம்தான், ஆனால் அது இல்லாமல் முறை நிற்காது. கூப்பிய கை சட்டையைத் தொடாது, பக்கத்துப் பிள்ளையின் தலையில் சோப்பு தடவாது, காத்திருக்கும் நேரத்தில் நுரையும் காயாது.

சோப்புக்கு வழி செய்தோம். கட்டிச் சோப்பை நாலு துண்டாக நூலால் அறுத்து, வெங்காயம் விற்கும் வலைப்பையில் போட்டு, கயிற்றில் குழாய்க் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டோம். கீழே விழாது, நீரில் ஊறிக் கரையாது, சிறு துண்டு என்பதால் எடுத்துப் போகவும் யாருக்கும் தோன்றாது. துடைப்பதற்கு ஆளுக்கொரு கைக்குட்டை கேட்டோம், சிலர் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் பத்து முறை உதறிவிட்டு ஈரத்தோடு காற்றில் காயவிட்டார்கள். காற்சட்டையில் துடைப்பதை முழுதாக நிறுத்த முடிந்தது என்று சொல்ல மாட்டேன்.

சானிடைசர் வைத்தால் இவ்வளவு பாடு வேண்டாமே என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கை, கால், வாய் நோயைக் கொண்டுவரும் என்டெரோ வைரஸ் வகைகளுக்கு வெளியே கொழுப்பு உறை இல்லை. ஆல்கஹால் அந்த உறையைக் கரைத்துத்தான் பல வைரஸ்களைச் செயலிழக்கச் செய்கிறது. உறையே இல்லாத வைரஸிடம் அதன் வீரியம் குறைவு. சோப்பு போட்டுத் தேய்த்து நீரில் கழுவும்போது வைரஸ் கையை விட்டு அடித்துக்கொண்டு போகிறது, இந்த நோய்க்கு அதுதான் நம்பத்தக்கது. 1997-இல் சரவாக்கில் இந்த நோய் பரவிக் குழந்தைகள் இறந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் கொப்புளம் இல்லை என்பது தெரியும். அப்புறம் ஒன்று, கொப்புளம் காய்ந்து பிள்ளை பள்ளிக்குத் திரும்பிய பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வைரஸ் வெளியேறும். ஆகவே சாப்பாட்டுக்கு முன்னால் கழுவுவது எவ்வளவு முக்கியமோ, கழிவறைக்குப் போய்வந்து கழுவுவதும் அவ்வளவு முக்கியம்.

வேகம்

முதல் வாரம் நன்றாகப் போனது. இரண்டாவது வாரம் போய்க் கைக்கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்தேன். 30 விநாடிப் பாட்டு 13 விநாடியில் முடிந்தது. யாரும் ஏமாற்றவில்லை. கூட்டமாகக் கத்தினால் வேகம் ஏறிக்கொண்டே போகும். கோயிலில் பஜனை முடியும்போது தாளம் எங்கே போய் நிற்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் வாய் ஓட, கை அதற்குப் பின்னால் ஓட முடியாமல் செய்கையைப் பாதியில் விட்டது. பெருவிரலை முறுக்கவில்லை, தொட்டுவிட்டுப் போனார்கள்.

“மெதுவா, மெதுவா” என்று சொல்லிப் பார்த்தோம். பயனில்லை, ஒரு வரி மெதுவாகப் போகும், அடுத்தது பறக்கும். வகுப்பு ஆசிரியைதான் வழி கண்டுபிடித்தார். ஒரு நாள் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவர் கிசுகிசுப்பாக “அப்புறம்?” என்று கேட்க, பிள்ளைகளும் கிசுகிசுப்பாகப் பதில் சொன்னார்கள். அன்று எண்ணிப் பார்த்ததில் 28 விநாடி வந்தது. மெல்லச் சொல்லும்போது பிள்ளை பக்கத்தில் இருப்பவன் குரலைக் கேட்க வேண்டியிருக்கிறது, அதனால் முந்த முடிவதில்லை. அன்று முதல் திங்கட்கிழமை மட்டும் உரக்க, மற்ற நாளெல்லாம் இரகசியப் பாட்டு. பிள்ளைகளுக்கும் அது பிடித்துப்போனது. இதே வேலையைச் செய்கிறவர்கள் வாரம் ஒருமுறையாவது நேரத்தை அளந்து பாருங்கள். 20 விநாடிக்குக் கீழே போனால் குரலைத் தாழ்த்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கேட்பவர் இல்லாதபோது

நாலாவது வாரம் “அப்புறம்?” கேட்கும் வேலையை ஆண்டு 5 மாணவியிடம் கொடுத்தோம். ஆறாவது வாரத்தில் அவளையும் நிறுத்திவிட்டு, நான் முதலில் நின்ற அதே இடத்தில் போய் நின்றேன்.

அன்று வந்திருந்த 22 பேரில் 17 பேர் சோப்பை எடுத்தார்கள். அவர்களில் ஏழெட்டுப் பேரின் உதடு அசைந்தது. சிலர் மூன்றாவது வரி வரை போய்விட்டு அலசிவிட்டார்கள். கேட்பவர் இல்லையென்றால் பின் வரிகள் உதிர்கின்றன, முன் வரிகள் நிற்கின்றன. அதைப் பார்த்த பிறகு வரிசையை மாற்றினேன். எது அதிகம் விடுபடுகிறதோ அதை முன்னால் கொண்டுவந்தோம். இப்போது பெருவிரல் முதலிலும் நகம் இரண்டாவதிலும் வருகின்றன, உள்ளங்கை கடைசி. உள்ளங்கையைப் பிள்ளை எப்படியும் தேய்த்துவிடும், அதற்குப் பாட்டின் துணை தேவையில்லை. தொடக்கத்திலேயே இதைச் செய்திருக்க வேண்டும். சுவரொட்டியின் வரிசையைப் பெரியவர்களுக்கு உகந்ததென்று அப்படியே வைத்திருந்தேன். பழகிய பாட்டை மாற்றியதில் ஒரு வாரம் குழப்பம்தான், இரண்டு வரிசையும் கலந்து வந்தது. அதற்குப் பிறகு செய்த மஞ்சள் சோதனையில் பெருவிரல் மஞ்சளாக நின்ற பிள்ளைகள் நான்கு பேர்தான்.

கழிவறைக் கதை வேறு. அங்கே குழாய் உண்டு, சோப்பு இல்லை, கேட்க ஆள் இல்லை, வரிசையும் இல்லை. பிள்ளை தனியாகப் போகிறது, தனியாக வருகிறது. கூட்டுப்பாட்டின் பலமே கூட்டம்தான், கூட்டம் இல்லாத இடத்தில் அதற்குப் பாதிப் பலம்தான். பையன்கள் கழிவறையில் வலைப்பைச் சோப்பைத் தொங்கவிட்டோம், இரண்டாம் நாளே கயிறு அறுந்து சோப்பு வடிகாலில் கிடந்தது. கம்பியில் கட்டினோம், அது நிற்கிறது. துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒவ்வொரு மதியமும் துண்டு இருக்கிறதா என்று பார்த்து, தேய்ந்திருந்தால் புதிதாகப் போடுகிறார். போன மாதம் வரை அந்தக் கழிவறையில் சோப்பு தேயவே இல்லை. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு தேய்கிறது. குழாயடியில் அதே அளவுத் துண்டு நாலு நாள் கூட வருவதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் போகிறேன். அவர்களுக்கு ஆறு வரி அதிகம். பெருவிரல், நகம், உள்ளங்கை என்று மூன்றே வரி, ஒவ்வொன்றும் நாலு தடவை. கழிவறை வாசலில், அவர்கள் வெளியே வரும்போது, வகுப்பு உதவியாளர் நின்று ஒரே ஒரு சொல் கேட்பார்.